ஏறிய சந்தையும் ஏறிய நம்பிக்கையும்

கொழும்புப் பங்குச்சந்தையில் 2020ஆம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 397 பில்லியன் ரூபாய்க்குப் பங்குகள் கைமாறின. அடுத்த ஆண்டு அந்தப் புரள்வு 1,173 பில்லியனாக உயர்ந்தது. 2022இல் அது 687 பில்லியனுக்கும், 2023இல் 411 பில்லியனுக்கும் இறங்கியது. பட்டியலில் இருந்த கம்பனிகள் பெரும்பாலும் அவையேதான். தேயிலைத் தோட்டங்களும் வங்கிகளும் விடுதிகளும் ஒரே ஆண்டில் மூன்று மடங்காகிவிடவில்லை. அவற்றின் பங்குகள் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போன வேகம்தான் மூன்று மடங்கானது. அப்படிக் கைமாற்றியவர்களில் நானும் ஒருவன். கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்குக் கணக்கீடு படிப்பிக்கும் ஆசிரியன். 2021ஆம் ஆண்டும் அதற்கடுத்த நான்கு மாதங்களும் எனக்குள் வேலை செய்தவை இரண்டு. முதலாவது என் திறமையில் எனக்கிருந்த மிகை நம்பிக்கை. இரண்டாவது கூட்டத்தோடு போகும் குணம். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். ஆனால் அவை பணத்தை எடுக்கிற விதம் வேறு, சந்தையில் விட்டுச் செல்கிற தடமும் வேறு. அதை என் கணக்கைக் கொண்டே காட்ட விரும்புகிறேன்.

அந்தக் காலத்தை முதலில் நினைவுபடுத்த வேண்டும். கோவிட்டுக்காக 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை சந்தை மூடிக்கிடந்தது. ஜூலையில் மத்திய வங்கி தன் நிலையான வைப்பு வசதி வீதத்தை 4.5 சதவீதத்துக்கு இறக்கியது. வங்கியில் நிலையான வைப்பில் கிடந்த காசுக்கு வட்டி சுருங்கியது. வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் அந்தக் காசும் போக இடமில்லாமல் நின்றது. அதே ஆண்டில் பங்குச்சந்தையின் கைத்தொலைபேசிச் செயலி வந்தது. தரகர் அலுவலகத்தின் படியேறாமல் வீட்டிலிருந்தே கணக்குத் திறக்கலாம் என்றானது. வன்னியில் இருந்த எங்களுக்கு இது பெரிய மாற்றம். ஏ9 வீதியில் எத்தனையோ வங்கிக் கிளைகள் திறக்கப்பட்டபோதும் பங்குச்சந்தை எங்களுக்குக் கொழும்பின் சமாச்சாரமாகவே இருந்தது.

இதற்கு முந்திய ஏற்றத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. 2009இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1,503இலிருந்து 3,386க்கு ஏறியது. அந்த ஆண்டு உலகிலேயே மிக அதிகம் ஏறிய சந்தைகளில் கொழும்பும் ஒன்று. நாங்கள் அப்போது செட்டிகுளம் மெனிக் பாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். 2011 பெப்ரவரியில் சுட்டெண் 7,800ஐத் தாண்டியது. 2012இன் நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே விழுந்தது. ஆண்டுப் புரள்வும் 142 பில்லியனிலிருந்து 570 பில்லியனுக்கு ஏறி, 2012இல் 214 பில்லியனுக்கு இறங்கியது. 2021இன் கதை அப்படியே முன்கூட்டி எழுதப்பட்டிருந்தது. அதை வாசித்திருக்கவேண்டிய நான் வாசிக்கவில்லை. முந்திய வீழ்ச்சியில் காசு இழந்த அனுபவம் இல்லாத புதியவர்கள் திரளாக உள்ளே வருவது விலைக் குமிழிகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. அந்தப் புதியவர் திரளில் வன்னியும் அந்த முறை சேர்ந்துகொண்டது.

2020 டிசம்பர் கடைசியில் ஐந்து இலட்சம் ரூபாயுடன் தொடங்கினேன். சுட்டெண் அப்போது 6,774. ஜனவரியிலேயே சந்தை பாய்ந்தது. நான் வாங்கிய மூன்று பங்குகளும் ஏறின. கம்பனிகளின் நிதிக்கூற்றுகளை வாசிக்கத் தெரிந்தவன் என்பதால்தான் அவை ஏறின என்று முடிவுகட்டினேன். அந்த மாதம் கண்ணை மூடிக்கொண்டு எதை வாங்கியிருந்தாலும் ஏறியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. மிகை நம்பிக்கை பிறக்கும் இடம் இதுதான். ஏறுகிற சந்தை எல்லோருக்கும் இலாபம் தருகிறது. ஒவ்வொருவரும் அதைத் தன் அறிவின் கூலி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சந்தை ஏறிய பிறகு வரும் மாதங்களில் வியாபார அளவு கூடுவதை அமெரிக்கச் சந்தையின் நீண்டகாலத் தரவிலும் ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். விலை முந்தி ஏறுகிறது, நம்பிக்கை பின்னால் ஏறுகிறது, அதன் பின்னால் புரள்வு ஏறுகிறது.

என் விஷயத்தில் அந்த நம்பிக்கை விற்று வாங்குவதாக வெளிப்பட்டது. ஒரு பங்கு பத்துச் சதவீதம் ஏறினால் விற்பேன், இன்னொன்று ஏறப்போகிறது என்று அதற்கு மாறுவேன். பாடவேளை இல்லாத நேரங்களில் ஆசிரியர் ஓய்வறையில் விலைகளைப் பார்ப்பேன். ஆண்டு முடிவில் கணக்கில் ஏழு இலட்சத்து நாற்பதாயிரம் நின்றது. நாற்பத்தெட்டுச் சதவீத இலாபம். “வங்கியிலை போட்டிருந்தால் முப்பதாயிரம்கூட வந்திராது” என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி கணக்குப் பார்ப்பதில் என்னைவிடக் கவனமானவர். “எல்லாரும் எவ்வளவு எடுத்தவையாம்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அன்று விடை தேடவில்லை.

விடை இதுதான். 2021 முடிவில் சுட்டெண் 12,226. ஓராண்டில் 80 சதவீத ஏற்றம். 2020 டிசம்பரில் சுட்டெண்ணுக்கு இணையான ஒரு பங்குத் தொகுதியை வாங்கிவிட்டு ஓராண்டு தொடாமலே இருந்திருந்தால் என் ஐந்து இலட்சம் ஒன்பது இலட்சமாகியிருக்கும். நான் ஓடியாடி உழைத்து ஒரு இலட்சத்து அறுபதாயிரத்தை இழந்திருந்தேன். இலாபத்தில் இருந்ததால் அந்த இழப்புக் கண்ணில் படவில்லை.

அது எங்கே போனது என்பதைத் தரகர் அனுப்பிய பற்றுச்சீட்டுகளை எல்லாம் அடுக்கி வைத்துப் பின்னர் கண்டுபிடித்தேன். கொழும்பில் சாதாரண வியாபாரம் ஒன்றுக்குத் தரகுக் கூலி 0.64 சதவீதம். பங்குப் பரிவர்த்தனைத் தீர்வை 0.30 சதவீதம். பங்குச்சந்தை, மத்திய வைப்பு முறைமை, ஆணைக்குழு ஆகியவற்றின் கட்டணங்களையும் சேர்த்தால் மொத்தம் 1.12 சதவீதம். வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது மறு முறை. ஒரு பங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் 2.24 சதவீதம் போய்விடும். ஐந்து இலட்சத்தை மாதத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுபவர் மாதம் 11,200 ரூபாய் கட்டுகிறார். ஆண்டுக்கு அது 134,400 ரூபாய், முதலில் இருபத்தேழு சதவீதம். என் வாங்கலையும் விற்றலையும் கூட்டியபோது தொண்ணூறு இலட்சத்தளவில் வந்தது. ஐந்து இலட்சம் வைத்திருந்த ஒரு ஆசிரியனின் ஆண்டுப் புரள்வு அது! அதற்கான செலவு மட்டும் ஒரு இலட்சம். மீதி அறுபதாயிரம் எனது தெரிவுகளின் விளைவு. நான் விற்ற பங்குகள் அதன் பிறகும் ஏறின. அவற்றை விற்று வாங்கியவை அந்தளவுக்கு ஏறவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. டெரன்ஸ் ஓடியன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு தரகு நிறுவனத்தின் பத்தாயிரம் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். மக்கள் விற்ற பங்குகள், அவற்றுக்குப் பதிலாக வாங்கிய பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாகச் சுமார் மூன்று சதவீதப் புள்ளி அதிகம் ஏறியிருந்தன. பின்னர் அவரும் பிராட் பார்பரும் 1991 முதல் 1996 வரையான 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த அந்தக் காலத்தில், அதிகம் வியாபாரம் செய்த குடும்பங்களின் கையில் நின்றது 11.4 சதவீதம். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகம் வியாபாரம் செய்து, அந்தளவுக்குத் தங்கள் வருவாயை அதிகம் குறைத்துக்கொண்டதாகக் கண்டார்கள். என் வீட்டு நிலவரமும் அதுவே.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மிகை நம்பிக்கை மட்டும் இருந்தால் வியாபார அளவு கூடும், ஆனால் விலை ஏறவேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொரு வியாபாரத்திலும் இருவர் இருக்கிறார்கள். விற்பவர் தனக்குத் தெரியும் என்கிறார், வாங்குபவரும் தனக்குத் தெரியும் என்கிறார். இருவரின் நம்பிக்கையும் ஒன்றையொன்று ஈடுசெய்யலாம். விலை ஒரே பக்கம் சாய இன்னொன்று வேண்டும். இனி இறங்கும் என்று நினைப்பவருக்குச் சந்தையில் குரல் இல்லாதிருப்பதுதான் அது. கொழும்பில் கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பது நடைமுறையில் எங்களைப் போன்றவர்களுக்கு முடியாத காரியம். ஆகவே அவநம்பிக்கை உள்ளவர் விலகி நிற்க மட்டுமே முடியும். விலையைத் தீர்மானிப்பவர்கள் எஞ்சி நிற்கும் நம்பிக்கைக்காரர்கள். அதற்கும் மேலே ஒன்று உண்டு. இந்த விலை அதிகம் என்று தெரிந்தவர்கூட, நாளைக்கு இன்னும் அதிக நம்பிக்கையுள்ள ஒருவரிடம் விற்கலாம் என்று வாங்குவார். ஷெயின்க்மன், சியோங் என்ற இரு பொருளியலாளர் 2003இல் இதைக் கணித வடிவில் காட்டினார்கள். குமிழியும் மிகுந்த புரள்வும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல விளக்கம் அது.

கூட்டத்தோடு போவது என் கதையில் 2021 ஒக்ரோபருக்குப் பிறகு வருகிறது. அந்த நேரத்தில் நான் ஒரு வட்ஸ்அப் குழுவில் இருந்தேன். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வவுனியாவில் கடை வைத்திருப்பவர்கள், இரண்டொரு வெளிநாட்டு உறவுகள். அங்கே ஒரு கம்பனியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நான் அதன் காலாண்டுக் கூற்றை எடுத்து வாசித்தேன். இலாபம் பெரிதாக இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி வைத்திருந்த முதலீடுகளின் நியாயப் பெறுமதி கூடியதால் வந்தது. காசுப் பாய்ச்சல் கூற்றில் தொழிற்பாட்டுக் காசு எதிர்க்கணியமாக இருந்தது. வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கை அது. இலாபம் இருக்கிறது, காசு வரவில்லை. அந்தப் பங்கை வாங்கக்கூடாது என்று அன்று இரவு முடிவெடுத்தேன்.

அதன் பிறகு அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போனது. குழுவில் “நானும் எடுத்திட்டன்” என்ற செய்திகள் வந்தபடி இருந்தன. இத்தனை பேர் வாங்குகிறார்கள் என்றால் எனக்குத் தெரியாத ஏதோ அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கத் தொடங்கினேன். பிக்சந்தானி, ஹிர்ஷ்லைஃபர், வெல்ச் என்ற மூவர் 1992இல் விளக்கியது சரியாக இந்தக் கட்டத்தைத்தான். முதலில் வருகிற இருவர் தங்களிடம் உள்ள தகவலின்படி வாங்குகிறார்கள். மூன்றாமவரிடம் எதிரான தகவல் இருக்கிறது. ஆனாலும் இருவர் வாங்கியதைப் பார்த்துத் தன் தகவலை ஒதுக்கிவிட்டு அவரும் வாங்குகிறார். நான்காமவர் மூவர் வாங்கியதைப் பார்க்கிறார். மூன்றாமவர் தன் தகவலைப் பயன்படுத்தவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நூறு பேர் வாங்கிய பிறகும் அந்தத் திரளுக்குள் இருப்பது இரண்டு பேரின் தகவல் மட்டுமே. என்னிடம் இருந்த காசுப் பாய்ச்சல் கூற்றுப் பற்றிய தகவலை நான் குழுவில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சிலர் யோசித்திருப்பார்கள். என் மனதை இன்றும் வருத்துவது பண இழப்பைவிட இதுதான். விற்றவர்களும் வாய் திறக்கவில்லை. குழுவில் வாங்கியவர்களின் குரல் மட்டும் கேட்டது.

குழுவுக்கு வெளியேயும் தகவல் இருந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இரணைமடுவின் கீழ் காலபோகம் செய்த ஒரு மாணவனின் தகப்பன், “சேர், யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளாய் நிக்குது, இந்த முறை கடன் கட்ட ஏலாது” என்று என்னிடம் சொன்னார். நாட்டின் வெளிநாட்டு நாணய ஒதுக்கு நவம்பரில் 1.6 பில்லியன் டொலருக்கு இறங்கியிருந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அந்த ஆண்டில் தேறிய அளவில் 50 பில்லியன் ரூபாய்க்கு மேல் விற்று வெளியேறினார்கள். அவர்கள் விற்றதை வாங்கியவர்கள் நாங்கள். இவை எல்லாம் பத்திரிகையில் வந்தவை. கண்ணெதிரே இருந்ததைவிடக் கைத்தொலைபேசியில் ஓடிய எண்களையே நான் நம்பினேன்.

நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. அந்த ஏற்றம் முழுவதும் வெறும் காற்றல்ல. உலகம் முழுவதும் சரக்குக் கட்டணம் ஏறியதால் எக்ஸ்போலங்கா போன்ற கம்பனிகளின் இலாபம் உண்மையாகவே பெருகியது. 2020இன் நடுப்பகுதியில் சில ரூபாய்க்கு விற்ற அந்தப் பங்கு 2022 ஜனவரியில் 400 ரூபாயைக் கிட்டியது. ரூபாய் விழப்போகிறது என்று கணித்தவர்கள் டொலரில் உழைக்கும் கம்பனிகளை வாங்கியது அறிவுள்ள காரியம். குமிழி ஒரு உண்மையில்தான் தொடங்குகிறது. அந்த உண்மைக்கு உரிய விலை எங்கே முடிந்தது, கூட்டத்தின் விலை எங்கே தொடங்கியது என்று அன்றன்றைக்குப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே விலை ஏறியதை மட்டும் வைத்துக் குமிழி என்று சொல்பவரையும் நான் நம்புவதில்லை.

2022 ஜனவரித் தொடக்கத்தில் நகைகளை அடகு வைத்து நான்கு இலட்சம் எடுத்தேன். கணக்கில் இருந்ததையும் சேர்த்து, நான் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்த அதே பங்கில் பெரும்பகுதியைப் போட்டேன். முந்திய ஆண்டின் நாற்பத்தெட்டுச் சதவீதம்தான் அந்தத் துணிச்சலைத் தந்தது. ஒரு பலவீனம் இன்னொன்றுக்குக் கதவு திறந்துவிட்ட இடம் இது. விழுந்தாலும் மற்றவர்களுக்கு முந்தி வெளியே வந்துவிடுவேன் என்று நினைத்தேன். ஜனவரி 19இல் சுட்டெண் 13,462ஐத் தொட்டது. அதுதான் அந்த ஏற்றத்தின் உச்சி.

இறங்குமுகத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை அதன் பிறகுதான் கண்டேன். எல்லோரும் ஒரே பக்கம் நிற்கும்போது வாங்க ஆளில்லை. திரையில் விற்போர் பட்டியல் நீண்டு கிடக்கும், வாங்குவோர் பக்கத்தில் சில நூறு பங்குகள் நிற்கும். ஏறும்போது நொடியில் விற்க முடிந்த பங்கை இறங்கும்போது கேட்ட விலைக்குக் கொடுக்க முடியாது. புரள்வு வறண்டுபோவதுதான் குமிழி உடைந்ததன் அடையாளம். கடனுக்கு வாங்கியவர்களின் பங்குகளைத் தரகர்கள் கட்டாயமாக விற்றபோது விலை இன்னும் சரிந்தது. ஏப்ரல் 8இல் மத்திய வங்கி வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. 12இல் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. 18 முதல் ஒரு வாரம் சந்தை மூடப்பட்டது. 25இல் திறந்தபோது எஸ்&பி எஸ்எல்20 சுட்டெண் பத்துச் சதவீதத்துக்கு மேல் விழுந்ததால் அன்றைய வியாபாரமே நிறுத்தப்பட்டது. நான் அந்த நாட்களில் விற்றேன். ஒன்பது இலட்சம் போட்ட கணக்கில் நாலே முக்கால் இலட்சம் மிஞ்சியது. விற்றதும் கூட்டத்தோடுதான்.

பின்னர் நான் அந்த இரண்டு ஆண்டுகளின் தரவை எடுத்து மாணவருக்குப் பாடமாக வைத்தேன். கூட்ட மனநிலைக்கு ஆய்வாளர்கள் பார்க்கும் ஒரு தடயம் உண்டு. சாதாரண நாட்களில் நல்ல பெறுபேறு காட்டிய கம்பனியின் பங்கு ஏறும், நட்டம் காட்டியது இறங்கும். விலைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். கூட்டம் ஆளும் நாட்களில் இலாபக் கம்பனியும் நட்டக் கம்பனியும் ஒரே அளவில் ஏறும். அந்த விலகல் சுருங்கிவிடும். வட்டி வீதம் மாறுவது போன்ற பொதுவான செய்தி வந்தாலும் எல்லாம் சேர்ந்து அசையும் என்பதால் இது தனித்துச் சாட்சியாகாது. ஆனால் பொதுச் செய்தி எதுவும் இல்லாத ஒரு வாரத்தில், காலாண்டு அறிக்கை எதுவும் வராத ஒரு கம்பனியின் பங்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கைமாறி, அதே தொழிலில் நட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கம்பனியின் பங்கும் கூடவே ஏறினால், அங்கே பேசுவது கம்பனியின் கணக்கல்ல.

2020 டிசம்பர் முடிவில் 6,774ஆக இருந்த சுட்டெண், அந்தப் பெருவீழ்ச்சிக்குப் பிறகும் 2022 டிசம்பர் முடிவில் 8,490இல் நின்றது. விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது என்றாலும், எதுவுமே செய்யாதவரின் ஐந்து இலட்சம் இரண்டு ஆண்டில் ஆறே கால் இலட்சமானது. 2024 முடிவில் சுட்டெண் 15,944. சந்தை மீண்டும் ஏறுகிறது, எங்கள் ஊரில் புதிய கணக்குகளும் திறக்கப்படுகின்றன. என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியர்கள் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். பங்குச்சந்தைக்குப் போகாதே என்று அவர்களுக்கு நான் சொல்வதில்லை. ஒரு வேலையை மட்டும் செய்யச் சொல்கிறேன், இதை வாசிக்கிற உங்களிடமும் அதையே கேட்கிறேன். கடந்த பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் வாங்கியதையும் விற்றதையும் முழுவதுமாகக் கூட்டுங்கள். அதை 1.12 சதவீதத்தால் பெருக்குங்கள். உங்கள் இலாப வீதத்தை அதே காலத்துச் சுட்டெண்ணின் ஏற்றத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்ததாக, கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் நேரே, அதை வாங்கிய நாளில் உங்களுக்குத் தெரிந்திருந்த காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். மற்றவர்கள் வாங்கினார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எழுத முடியாத பங்கு இருந்தால், வாங்க ஆளிருக்கும்போதே அதைக் கொடுத்துவிடுங்கள்.